பேய் ஓட்டவும் நியமன ஆணை வேண்டும்: டிராகன்–புலி மலையின் தாவோயிச பீடம்

கேள்வி: தாவோயிசம் என்றால் மலையில் தனியாக உட்கார்ந்து தியானம் செய்கிற முனிவர்தான் என்று நினைத்திருந்தேன். மிங், சிங் பேரரசுக் காலத்தில் அதற்குத் தலைமைப் பீடம், பதிவேடு, பதவிப் படிகள் எல்லாம் இருந்தன என்று படித்தேன். இப்படி ஓர் அமைப்பு எப்படி உருவானது? அந்தப் பதிவேட்டுக்கும் நோய் தீர்க்கும் சடங்குக்கும் என்ன சம்பந்தம்?

பதிவேட்டிலிருந்தே தொடங்குகிறேன். அது புரிந்துவிட்டால் மற்றது தானாகப் புரியும்.

சீன மொழியில் அதற்கு ‘லூ’ என்று பெயர். பதிவேடு என்றதும் பக்தர்களின் பெயர்ப்பட்டியல் நினைவுக்கு வரும். இது அப்படி இல்லை. ஒரு பூசாரிக்கு ஒதுக்கப்பட்ட ஆவிப்படையின் பட்டியல் இது. விண்ணுலகத் தளபதிகள், அவர்களுக்குக் கீழ் இருக்கும் அதிகாரிகள், படைவீரர்கள் ஆகியோரின் பெயர்களும் எண்ணிக்கையும் நீண்ட காகிதச் சுருளில் இருக்கும். பல சுருள்களில் படங்களும் மந்திர எழுத்துகளும் உண்டு. தீட்சையின்போது இதைப் பெற்றுக்கொண்டவருக்கு அந்தப் படை கட்டுப்பட்டது. காவல் நிலையத்துக்கு ஓர் ஆய்வாளரை நியமித்து, ‘இன்னின்ன காவலர்கள் உங்களுக்குக் கீழே’ என்று பட்டியல் கொடுப்பதைப் போலத்தான். ஆக, தீட்சை என்பது இங்கே ஒரு பணி நியமனம். பதவிப் படிகள், முத்திரைகள், நோய் தீர்க்கும் சடங்கு எல்லாமே இந்த நியமனத்திலிருந்து கிளைத்தவை.

இந்தக் கருத்தின் வேர் ஹான் பேரரசின் கடைசிக் காலத்தில் இருக்கிறது. மரபுப்படி, கி.பி. 142-ல் சிச்சுவானில் உள்ள ஒரு மலையில், தாவோயிசத்தின் மூல ஞானியான லாவோசி தெய்வமாகத் தோன்றி, ஜாங் தாவோலிங் என்பவரை ‘விண்ணகக் குரு’வாக நியமித்தார். அவருடைய பேரன் ஜாங் லூவின் காலத்தில் அந்த இயக்கம் 24 வட்டங்களாகப் பிரிந்து, கிட்டத்தட்ட ஒரு தனி அரசாகவே நடந்தது. குடும்பங்கள் ஐந்து ‘தோ’ அரிசி கொடுத்தன. அன்றைய அளவில் அது சுமார் 10 லிட்டர். யாருக்காவது நோய் வந்தால் தான் செய்த பிழைகளை ஒப்புக்கொண்டு மூன்று மனுக்கள் எழுதவேண்டும். வானத்துக்கு எழுதியதை மலைமேல் வைப்பார்கள், பூமிக்கு எழுதியதைப் புதைப்பார்கள், நீருக்கு எழுதியதை ஆற்றில் அமிழ்த்துவார்கள். நோய்க்குக் காரணம் குற்றம், அதற்குத் தீர்வு மனு என்ற எண்ணம் அப்போதே வந்துவிட்டது. 215-ல் ஜாங் லூ, சாவ் சாவ் என்ற படைத்தலைவரிடம் சரணடைந்தார். அந்த அரசு கலைந்தது. வட்டங்களும் காலப்போக்கில் மறைந்தன.

இங்கேதான் பலரும் தடுமாறுகிறார்கள். ஹான் காலத்து அமைப்பு அப்படியே தொடர்ந்து மிங், சிங் காலம் வரை வந்தது என்று நினைத்துக்கொள்கிறார்கள். ஜாங் தாவோலிங்கின் வாரிசுகள் என்று சொல்லிக்கொள்ளும் ஜாங் குடும்பமும் அப்படித்தான் சொல்லும். ஆனால் ஜியாங்சி மாகாணத்தில் உள்ள லோங்ஹூ மலையில், அதாவது டிராகன்–புலி மலையில், ஜாங் வம்சத்தார் ஒரு மையமாகத் தெளிவாகத் தெரிய வருவது தாங் பேரரசின் கடைசிக் கட்டத்தில்தான். நடுவில் பல நூற்றாண்டு இடைவெளி இருக்கிறது. கேள்வியில் நீங்கள் குறிப்பிடும் அமைப்பு பழையதன் நேர்த்தொடர்ச்சி இல்லை. பழைய பெயரையும் பழைய முத்திரையையும் வைத்துப் புதிதாகக் கட்டியது.

அதைக் கட்டவேண்டிய தேவை, தாங் பேரரசுக்குப் பின்னால் வந்த சோங் காலத்தில் வந்தது. அப்போது நோய் தீர்க்கும், பேய் ஓட்டும் முறைகள் ஊரெல்லாம் பெருகின. அவற்றில் இடியின் ஆற்றலை வரவழைக்கும் ‘இடிச் சடங்குகள்’ மிகப் பிரபலம். இவற்றைச் செய்ய மடத்தில் சேரவேண்டியதில்லை. ஊர் மந்திரவாதி செய்தார், படித்த அரசு அதிகாரிகூடச் செய்தார். சரி, இத்தனை பேர் விண்ணுலகத் தளபதிகளைக் கூப்பிட்டால் அவர்கள் யாருக்குக் கீழ்ப்படிவார்கள்? சடங்கு நூல்களை எழுதியவர்கள் சொன்ன பதில் நேரானது: முறை தெரிந்தால் மட்டும் போதாது, பதிவேடும் வேண்டும். ‘ஃபா’ என்பது செய்முறை, ‘லூ’ என்பது அதிகாரம். அதிகாரம் இல்லாதவன் கட்டளையிட்டால் தளபதி ஏன் கேட்கவேண்டும்? கையில் கைவிலங்கு இருக்கிறது என்பதற்காக வழியில் போகிறவர் யாரையும் கைது செய்துவிட முடியாதல்லவா?

இந்தக் கருத்து ஊன்றியபின், பதிவேட்டை வழங்கும் உரிமை யாரிடம் இருக்கிறதோ அவர் கையில் எல்லாச் சடங்குகளின் சாவியும் இருந்தது. லோங்ஹூ மலை பிடித்துக்கொண்டது அந்தச் சாவியைத்தான். அதுவரை மூன்று மலைகள் பதிவேடு கொடுத்துவந்தன. லோங்ஹூ ஒன்று, மாவோ மலை ஒன்று, கேசாவ் மலை ஒன்று. 1239-ல் சோங் பேரரசர் 35-வது விண்ணகக் குருவான ஜாங் கதாவிடம் மூன்று மலைகளின் பதிவேடுகளையும் மேற்பார்வை செய்யும் பொறுப்பைக் கொடுத்தார். மங்கோலியர்கள் தெற்கைப் பிடித்ததும் குப்லாய் கான் 36-வது குருவை அழைத்து, யாங்சிக்குத் தெற்கே உள்ள தாவோயிசம் முழுவதையும் அவர் பொறுப்பில் விட்டார். 1304-ல் 38-வது குரு ஜாங் யூசாய் ‘செங்யி நெறியின் தலைவர்’ என்ற பட்டம் பெற்றார், மூன்று மலைப் பதிவேடுகளும் அவரிடமே இருந்தன. ‘செங்யி’ என்பது, ஹான் காலத்தில் லாவோசி ஜாங் தாவோலிங்கோடு செய்ததாகச் சொல்லப்படும் உடன்படிக்கையிலிருந்து வந்த பழைய சொல். அன்றிலிருந்து திருமணம் செய்துகொண்டு, வீட்டில் இருந்தபடியே ஊருக்குச் சடங்கு செய்யும் பூசாரிகளுக்கெல்லாம் அதுவே பொதுப்பெயர் ஆனது. துறவறம் பூண்டு மடத்தில் வாழ்ந்தவர்கள் ‘சுவான்சென்’ என்ற தனிப் பிரிவு.

மிங் பேரரசை நிறுவிய ஹோங்வூ இந்த ஏற்பாட்டை ஏற்றுக்கொண்டார், ஆனால் தலையில் ஒரு தட்டும் தட்டினார். 1368-ல் 42-வது குரு ஜாங் செங்சாங் வாழ்த்துச் சொல்ல வந்தபோது, ‘வானம் எல்லாவற்றுக்கும் மேலானது, அதற்கு ஏது குரு?’ என்று கேட்டு, ‘விண்ணகக் குரு’ பட்டத்தை நீக்கி ‘மெய்யர்’ என்ற பட்டத்தைக் கொடுத்தார். கூடவே அரசு அதிகாரிகளின் வரிசையில் இரண்டாம் நிலைத் தகுதியும் கொடுத்தார். மக்கள் என்னவோ கடைசிவரை விண்ணகக் குரு என்றே அழைத்தார்கள். 1382-ல் தலைநகரில் தாவோயிசப் பூசாரிகளைக் கண்காணிக்க ஓர் அரசு அலுவலகம் ஏற்பட்டது, மாகாண நகரங்களிலும் மாவட்டங்களிலும் அதன் கிளைகள். 1391-ல் மற்றவர்கள் பதிவேடும் தாயத்தும் தயாரித்துக் கொடுப்பதற்குத் தடை வந்தது. அப்படிப் பார்த்தால், பீடத்தின் ஏகபோகத்தைக் காவல் காத்தது அரசின் சட்டம்.

தீட்சை பெற விரும்பும் ஊர்ப் பூசாரிக்கு இது எப்படி இருந்தது? வசதியுள்ளவர் ஷாங்சிங் என்ற சிற்றூரில் இருக்கும் குருவின் மாளிகைக்கே பயணம் போவார். தன் பெயர், பிறந்த நேரம், சொந்த மாவட்டம், தன் ஆசான்கள் யார் என்பதையெல்லாம் எழுதிக் கொடுப்பார். கட்டணமும் உண்டு, அது சிறு தொகை இல்லை. முதல்முறை போகிறவருக்குப் பெரும்பாலும் ‘தூகோங்’ பதிவேடு கிடைக்கும். ஆண்டுகள் கழித்து மறுபடி போனால் அதற்கு மேலான ‘மெங்வெய்’, அதற்கும் மேலே இன்னும் சில படிகள். எந்தப் பதிவேட்டுக்கு எந்த விண்ணுலகப் பதவி, அந்தப் பதவி ஒன்பது நிலைகளில் எந்த நிலை, எந்த அலுவலகத்தைச் சேர்ந்தது என்பதெல்லாம் ‘தியான்தான் யூகெ’ என்ற கையேட்டில் இருந்தன. ஒன்பது நிலைகள் என்பது அப்படியே பேரரசின் ஆட்சிப்பணியிலிருந்து எடுத்த அளவுகோல்.

சடங்கு முடிந்து கிடைப்பது ஒரே ஒரு சான்றிதழ் இல்லை, ஒரு கட்டு. பதிவேட்டுச் சுருள்கள், நியமன ஆணை, இறந்தபின் விண்ணுலகப் பாதையில் காட்டவேண்டிய வழிச்சீட்டுகள், ஓர் ஒப்பந்தப் பத்திரம். அந்த ஒப்பந்தத்தை இரண்டாகப் பிரித்து ஒரு பாதியை எரித்து மேலே அனுப்புவார்கள். மறு பாதி அவரிடம் இருக்கும். பத்திரங்களில் குத்தும் முத்திரையில் ‘யாங்பிங் வட்டத்தின் தூகோங்’ என்று இருக்கும். யாங்பிங் என்பது ஹான் காலத்து 24 வட்டங்களில் தலைமையான வட்டம். வட்டம் மறைந்து ஆயிரம் ஆண்டுக்கு மேல் ஆகியும் அதன் முத்திரை மட்டும் வேலைசெய்துகொண்டே இருந்தது. எனக்கு இந்த வரலாற்றில் மிகவும் பிடித்த விஷயம் இதுதான்.

இனி நோய்க்கு வருவோம். மிங் காலத்து ஜியாங்சியில் ஒரு சிறுவனுக்குக் காய்ச்சல் வந்து, பிதற்றுகிறான், மருந்து கேட்கவில்லை என்று வைத்துக்கொள்வோம். வீட்டார் ஊர்ப் பூசாரியைக் கூப்பிடுகிறார்கள். அவர் முதலில் வழக்கு என்னவென்று பார்ப்பார். வழக்கு என்ற சொல்லைத் தெரிந்துதான் போடுகிறேன். நோய்க்குப் பல காரணங்கள் உண்டு, அவற்றில் ஒன்றின் பெயர் ‘கல்லறை வழக்கு’. இறந்துபோன யாரோ, குடும்பத்து முன்னோர் தனக்குச் செய்த அநியாயத்துக்காகப் பாதாள நீதிமன்றத்தில் புகார் கொடுத்திருக்கிறார். அந்த வழக்கின் சம்மன்தான் இங்கே காய்ச்சலாக வந்திருக்கிறது. வேறு சமயங்களில் கட்டுப்பாடில்லாமல் திரியும் பேய் காரணமாக இருக்கும். முதல் வகைக்கு வக்கீல் வேலை, இரண்டாம் வகைக்குப் போலீஸ் வேலை.

பூசாரி தாளை எடுத்து எழுதத் தொடங்குவார். தேதி, சிறுவனின் பெயர், பிறந்த நாள், நேரம், மாவட்டம், ஊர், நோயின் விவரம். தன்னுடைய பதிவேட்டின் பெயரையும் பதவியையும் முழுதாக எழுதி, ‘அடியேன் இன்னார்’ என்று ஓர் அரசு ஊழியன் பேரரசருக்கு எழுதுவது போலவே எழுதுவார். பதவி இங்கே வெறும் அலங்காரம் இல்லை. தன்னைவிட மேலான தெய்வத்துக்கு எழுதினால் விண்ணப்ப வடிவம், சமமானவருக்கு எழுதினால் அறிவிப்பு வடிவம், கீழானவருக்கு எழுதினால் உத்தரவு வடிவம். ஊரின் காவல் தெய்வத்துக்கு எழுதும் பூசாரி, தான் அதற்கு மேலா, சமமா, கீழா என்பது தெரிந்தால்தான் முதல் வரியையே எழுத முடியும். அதைச் சொல்வது பதிவேடு.

முதல் கட்டத்தில் நகரக் காவல் தெய்வத்துக்கு ஒரு கடிதம் போகும்: இந்த வீட்டைத் தொந்தரவு செய்வது யார் என்று விசாரித்துப் பிடித்து அனுப்பவும். அதோடு தாயத்து ஒன்றை எரித்து, சாம்பலை நீரில் கலந்து சிறுவனுக்குக் கொடுப்பார். தாயத்தில் இருப்பதும் ஓர் உத்தரவுதான். அதன் முடிவில் ‘சட்டப்படி உடனே, உடனே’ என்ற தொடர் வரும். அது ஹான் காலத்து அரசாணைகளின் கடைசி வரி. அப்புறமும் நோய் தணியாவிட்டால் பூசாரி தன் பதிவேட்டுத் தளபதிகளை அழைப்பார். சப்தரிஷி மண்டலத்தின் வடிவில் அடி வைத்து நடப்பது, விரல் முத்திரைகள், வாள், மேசையில் ஓங்கி அடிக்கும் கட்டளைப் பலகை எல்லாம் அப்போது வரும். சில முறைகளில் ஒரு சிறுவனை ஊடகமாக உட்காரவைத்து, பிடிபட்ட பேயை அவன் வாயால் பேசவைத்து, பெயர் கேட்டு, வாக்குமூலம் வாங்குவார்கள். கல்லறை வழக்கு என்றால் பேயை அடிப்பதில் பயனில்லை. மேல்முறையீடு செய்யவேண்டும். பூசாரி மனுவை வாசித்துவிட்டு முகம் தரையில் படக் கிடப்பார். அந்த நேரத்தில் அவர் மனத்தால் விண்ணுலக அரண்மனைக்கு ஏறிப்போய் மனுவை நேரில் சேர்ப்பிக்கிறார் என்று பொருள். பிறகு மனுவை எரிப்பார்கள்.

சடங்கு பலிக்காவிட்டால் விளக்கமும் அலுவலகப் பாணியில்தான் இருக்கும். பிறந்த நேரம் தப்பாக எழுதப்பட்டிருக்கும், எழுத்துப் பிழை இருந்திருக்கும், பூசாரி தனக்கில்லாத பதவியை எழுதியிருப்பார், அல்லது வழக்கு அவர் அதிகார எல்லைக்கு மேற்பட்டதாக இருக்கும். கடைசிக் காரணத்துக்குத் தீர்வு, மேலே இருப்பவரிடம் போவது. மேலே போய்க்கொண்டே இருந்தால் கடைசியில் லோங்ஹூ மலை வரும். ஊர்க்கோடியில் நடந்த ஒவ்வொரு தோல்வியும் பீடத்தின் மதிப்பைக் குறைக்காமல் கூட்டியது இப்படித்தான்.

பீடத்துக்குக் கீழே ‘ஃபாகுவான்’ என்ற அதிகாரிகள் இருந்தார்கள். இன்றைய சீன மொழியில் அந்தச் சொல்லுக்கு நீதிபதி என்று பொருள். குரு பதவி ஜாங் குடும்பத்துக்கு மட்டும் உரியது. ஆனால் இந்த அதிகாரிகள் வெவ்வேறு ஊர்களிலிருந்து சிறுவயதில் வந்து மலைக்கோயில்களில் பயின்றவர்கள். அமைப்பை உண்மையில் ஓட்டியவர்கள் இவர்கள்தான் என்பது என் கருத்து. இவர்களில் மிகப் புகழ்பெற்றவர் லோ ஜின்யுவான். 1727-ல் 55-வது குரு தலைநகருக்குப் போகும் வழியில் இறந்துபோனார். கூடப் போன லோ தலைநகரிலேயே பணியில் தங்கினார். 1730-ல் சிங் பேரரசர் யோங்செங்குக்குக் கடும் நோய். ஜியா ஷிஃபாங் என்ற தாவோயிசர் முதலில் வைத்தியம் பார்த்தார். கொஞ்சம் தேறியதும், அந்த ஆள் மந்திரத்தால் தன் உடலையே ஆட்டிவைக்கிறான் என்று பேரரசருக்குச் சந்தேகம் வந்தது. ஜியாவுக்கு மரண தண்டனை நிறைவேற்றப்பட்டது. ஆனாலும் தொல்லை விடவில்லை.

1731 தொடக்கத்தில் லோ வந்து சடங்கு செய்து, தாயத்து நீர் கொடுத்தார். பேரரசர் தேறினார், தேறியதை ஆணையிலேயே எழுதினார். லோவுக்கு நான்காம் நிலை அதிகாரத் தகுதியும் அரண்மனைக்குள் இருந்த கோயில் ஒன்றின் பொறுப்பும் கிடைத்தன. லோங்ஹூ மலைக் கோயில்களைப் புதுப்பிக்க அரசுப் பணம் போனது. இரண்டு பேரும் செய்தது மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுதான், மந்திரம் சொல்லி நோய் தீர்ப்பது. ஜியாவுக்குப் பின்னால் கேள்வி கேட்க ஒரு மேலதிகாரி இல்லை. லோவின் பின்னால் பீடம், பதவி, முத்திரை எல்லாம் இருந்தன. ஒன்று சூனியம் ஆனதும் இன்னொன்று சிகிச்சை ஆனதும் அதனால்தான் என்பது என் வாசிப்பு.

இதையெல்லாம் வைத்து, ரோமைப் போல ஒரு இறுக்கமான திருச்சபை என்று நினைத்துவிட வேண்டாம். ஊர்ப் பூசாரியின் வருமானத்தையோ பணியிடத்தையோ பீடம் முடிவுசெய்யவில்லை. அது கொடுத்தது தகுதி மட்டும். ஏராளமான பூசாரிகள் மலைப்பக்கம் போனதே இல்லை. அப்பாவிடமோ உள்ளூர் ஆசானிடமோ தீட்சை பெற்று, மனுவில் மட்டும் லோங்ஹூ மலைப் பதவியை எழுதினார்கள். போலிப் பதிவேடுகளும் அச்சாகின. ஃபாகுவான்கள் மாகாணம் மாகாணமாகப் போய்த் தீட்சை கொடுத்துப் பணம் பார்த்தார்கள். 1739-ல் சிங் அரசு அந்தப் பயணங்களுக்குத் தடை போட்டது. தடை எந்த அளவுக்குக் கேட்கப்பட்டது என்பதை, பத்தொன்பதாம் நூற்றாண்டில் குருவே யாங்சிக் கரை நகரங்களுக்குப் போனபோது தாயத்து வாங்கக் கூடிய கூட்டத்திலிருந்து ஊகித்துக்கொள்ளலாம்.

குருமார் எல்லாரும் புனிதர்களும் இல்லை. 46-வது குரு ஜாங் யுவான்ஜி தன் வீட்டில் சிறை கட்டி, நாற்பதுக்கும் மேற்பட்டவர்களைக் கொன்றதாக 1469-ல் குற்றம் சாட்டப்பட்டார். இறந்தவர்களில் ஒரே குடும்பத்தைச் சேர்ந்த மூன்று பேரும் உண்டு. மரண தண்டனை விதிக்கப்பட்டு, பிறகு நூறு அடியும் வடமேற்கு எல்லை முகாமுக்கு நாடுகடத்தலுமாகக் குறைந்தது. பட்டத்தையே ஒழித்துவிடலாம் என்று அமைச்சர் ஒருவர் கேட்டார். பேரரசர் சம்மதிக்கவில்லை, பட்டம் அதே குடும்பத்தில் தொடர்ந்தது. சிங் காலத்தில் 1747-ல் குருவின் நிலை ஐந்துக்கு இறங்கியது, 1766-ல் மூன்றுக்கு ஏறியது. இந்த ஏற்ற இறக்கமெல்லாம் அரசவையில்தான். மலையில் பத்திரங்களில் முத்திரை விழுவது நிற்கவில்லை.

கடைசியாக, இவ்வளவு பதிவேடுகள் வழங்கப்பட்டும் பழைய பிரதிகள் ஏன் இத்தனை அரிது என்ற கேள்வி உங்களுக்கு வரலாம். தீட்சை பெற்றவர் அந்தப் பத்திரக் கட்டை ஒரு பெட்டியில் வைத்து முத்திரையிட்டுவிடுவார். பிரித்துப் படிப்பதற்கு அது புத்தகம் இல்லை. அவர் இறந்ததும் ஈமச்சடங்கில் அந்தப் பெட்டியை எரிப்பார்கள். ஏற்கெனவே மேலே போன ஒப்பந்தத்தின் பாதியும் இப்போது வரும் பாதியும் அங்கே ஒத்துப் பார்க்கப்படும். பொருந்தினால், கீழே வைத்திருந்த அதே பதவியில் அவர் மேலே வேலைக்குச் சேர்வார்.